‘மழைக்குத் தாங்கும்’ என்று ஒட்டியிருந்த சரங்கள்

பெரியக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, கைதான் வேகமாகும். திருகாணியைத் திருகுகிற வேகத்தை வைத்தே இன்றைக்கு யார் மாட்டிக்கொண்டார்கள் என்று கடையில் இருப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடை அவள் தம்பியுடையது. பேருந்து திரும்புகிற முனையில், மருந்துக்கடைக்கும் சாவி வெட்டுகிறவருக்கும் நடுவே ஒடுங்கி நிற்கும். முன்பக்கம் முழுக்கத் தலைக்கு மேலே விளக்குகள் தொங்கும். உயரமானவர்கள் குனிந்துதான் உள்ளே வர வேண்டும். பின்பக்கம் ஒரு சிறிய அறை. அங்கே ஜன்னலோரம் போட்ட மேசைதான் பெரியக்காவின் ராஜ்ஜியம். மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றுகிற தொழிற்சாலையில் வெகுகாலம் வேலை பார்த்தவள் அவள். அதை இழுத்து மூடியதும் தம்பி, "வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாக்கப் போறியா? வா கடைக்கு" என்று கூட்டி வந்துவிட்டான். அன்று முதல் எரியவில்லை என்று திரும்பி வருகிற எல்லாமே அவள் மேசைக்குத்தான் வரும். அவள் கணவர் சரக்கு லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி நாள் சாலையில் இருப்பார். மகளைத் தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்தாயிற்று. அதனால் கடைதான் அவளுக்கு வீடு மாதிரி. தம்பியை ‘டா’ போட்டு வாடிக்கையாளர் முன்னாலேயே அதட்டுவாள்; அவனும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வான். சின்ன வயதில் அவனுக்குத் தலைசீவிவிட்டு வளர்த்தவள் அவள்தான்.

அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. சூரிய ஒளியில் எரிகிற சோலார் சரங்களை அவள் விளக்கென்றே ஒத்துக்கொள்ள மாட்டாள். "அது மின்மினிப்பூச்சி. நாலு மேகம் வந்தா செத்துப்போயிடும். சரம்னா பிளக்கை மாட்டினோமா, எரிஞ்சுதான்னு இருக்கணும்" என்பாள்.

அந்த வருடம் விழாக்காலமும் மழையும் ஒன்றாக வந்து சேர்ந்தன. வந்த மழை போகிற வழியைக் காணோம். ஆனாலும் ஜனங்கள் விடவில்லை. எல்லோருக்கும் பால்கனியில் கட்ட, தோட்டத்தில் மரத்தைச் சுற்றச் சீரியல் லைட் வேண்டியிருந்தது. கடைக்குள் குடைகளிலிருந்து சொட்டிய தண்ணீரைத் துடைத்து மாளவில்லை. கேட்ட எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "மழைக்குத் தாங்குமா?"

அப்போதுதான் மொத்த வியாபாரியிடமிருந்து புதிய சரக்கு வந்து இறங்கியது. பெட்டிகளில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர்: ‘மழைக்குத் தாங்கும்.’ ஓரம் சரியாக ஒட்டாமல் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. பெரியக்காவுக்கு இப்படித் தூக்கிக்கொண்டு நிற்கிற எதையும் சும்மா விட முடியாது. நகத்தால் உரித்தாள். கீழே பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது: வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்தவும். பக்கத்தில் ஐபி 20.

பெட்டியோடு முன்பக்கம் வந்தாள்.

"இது என்னடா?"

"எது அக்கா?"

"மேல ஒண்ணு ஒட்டியிருக்கு, கீழ ஒண்ணு அச்சடிச்சிருக்கு. இதுல எது நிஜம்?"

தம்பி எட்டிப் பார்த்தான். "ஹோல்சேல்காரர் ஒட்டி அனுப்பினது அக்கா. பால்கனிக்கு மேலதான் கூரை இருக்கே. நேராவா நனையப்போகுது?"

"மழை என்ன உன் கடை வாசல்ல மாதிரி வரிசைல நின்னா வரும்? காத்தடிச்சா சாய்ஞ்சுதான் வரும். ஐபி நம்பர்ல ரெண்டாவது எண்தான் தண்ணிக்கு. இங்க பாரு, சைபர். தண்ணிக்குப் பாதுகாப்பே கிடையாதுன்னு செஞ்சவனே சொல்லிட்டான். வெளிய கட்டணும்னா அந்த எண் குறைஞ்சது நாலா இருக்கணும். இந்த கன்ட்ரோலர் டப்பா மூடியைப் பாரு, மூச்சு விட்டாலே உள்ள போற மாதிரி விலகி நிக்குது."

"சரிக்கா, சரிக்கா. ஓரமா எடுத்து வைக்கிறேன், விடு."

எடுத்து வைத்தான்தான். அவள் கண் முன்னால் பெட்டிகளை ஏணிக்குப் பின்னால் அடுக்கினான். பெரியக்கா நம்பினாள். மறுநாள் மகளுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது; பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

திரும்பி வந்தபோது ஏணிக்குப் பின்னால் ஒரு பெட்டிகூட இல்லை.

அது என்னவாயிற்று என்று கேட்க அவள் வாயைத் திறப்பதற்குள் வாசலில் சத்தம் கேட்டது. கடைக்கு எதிர்த் தெருவில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிற தையலம்மா நின்றிருந்தாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. இடது கையில் ஒரு பாலிதீன் பை. அதற்குள் ஈரம் காயாத சீரியல் லைட்.

"ரெயிலிங்கைத் தொட்டேன், அப்படியே தூக்கிப் போட்டுடுச்சு. பின்னால இருந்த பூந்தொட்டி மேல விழுந்தேன். அவர் ஓடிப்போய் மெயினை அணைச்சாரு. இல்லேன்னா என்ன ஆயிருக்கும்?" என்றாள்.

கடை நிறைய ஆட்கள். தம்பி ஒருமுறை அவர்களைப் பார்த்தான். பிறகு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினான்.

"நீங்க எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எப்படி வச்சிருந்தீங்க?"

"தண்ணி படக் கூடாதுன்னு பாலிதீன் பையில போட்டு டேப் சுத்தி வச்சேன். தரையில."

"அங்கதான் விஷயமே! பையைக் கட்டித் தரையில வச்சா தண்ணி உள்ள நிக்காம எங்க போகும்? லைட்டு நல்ல லைட்டுதாம்மா. உங்களுக்குப் போடத் தெரியலை. தெரியாட்டி தெரிஞ்சவங்களைக் கூப்பிட்டிருக்கணும். முட்டாள்தனமா நீங்க ஒண்ணு பண்ணிட்டு, கடை மேல பழி போட்டா எப்படி?"

யாரோ ஒருவர் தலையாட்டினார். வேறு ஒருவர், "ஆமாம், பாத்துப் பண்ணணும்" என்றார். தையலம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. வந்தபோது இருந்த நிமிர்வு போய், தப்பு செய்த பிள்ளை மாதிரி நின்றாள்.

பெரியக்கா நேராகப் போய் அந்தப் பையை வாங்கிக்கொண்டாள்.

"வாங்க, உங்க வீட்டைப் பாக்கணும்" என்றாள்.

"அக்கா, கடையில கூட்டம் இருக்கு" என்றான் தம்பி.

அதற்குள் அவள் தையலம்மாவோடு வாசலைத் தாண்டிவிட்டாள்.

தையலம்மா வீட்டில் நுழைந்ததுமே தையல் மெஷின்தான். சுற்றிலும் வெட்டி வைத்த துணிகள். விழாவுக்கு உடுத்த வேண்டிய சட்டைகளும் கவுன்களும் பாதியில் நின்றிருந்தன. அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மெயினை அணைத்ததோடு அவர் விடவில்லை. பால்கனிக் கதவுக்குக் குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டு யாரும் போகாதபடி மறித்து வைத்திருந்தார்.

"எல்லாத்தையும் பிடுங்கியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பெரியக்கா பால்கனியில் கால் வைத்தாள். இன்னும் இரண்டு சரங்கள் அங்கேயே இரும்புக் கம்பியைச் சுற்றிக் கிடந்தன. ஒவ்வொரு பல்பாகத் தடவிக்கொண்டே போனாள். வெளிச் சரமாக இருந்தால் பல்பின் காலில் கம்பி சேர்கிற இடத்தைப் பிசின் ஊற்றியோ ரப்பரால் மூடியோ அடைத்திருப்பார்கள். இதில் மெல்லிய குழாய்போல ஒரு உறை மட்டும் செருகியிருந்தது. மழையிலும் காற்றிலும் ஆடி ஆடி, ஒரு இடத்தில் அந்த உறை நழுவியிருந்தது. செம்பு வெளியே தெரிந்தது. அது உரசிய இடத்தில் ரெயிலிங்கின் பெயின்ட் கருகி ஒரு கரும்புள்ளி.

குனிந்து, தரையில் கிடந்த பாலிதீன் பையையும் பார்த்தாள். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒயர் நுழைகிற வழியாக வழிந்து உள்ளே போயிருந்தது.

"பையும் தப்புதாங்க. நான் பூசி மெழுக மாட்டேன். தண்ணி உள்ள போகும், வெளிய வராது. ஆனா உங்களை அடிச்சது பை இல்லை. இது" என்று கரும்புள்ளியைக் காட்டினாள். "நேரா வீட்டு கரன்ட் இந்தச் சரத்துல ஓடுது. கரன்டைக் குறைக்கிற அடாப்டர் கிடையாது. ஈரக் கம்பி, ஈரத் தரை, நடுவுல நீங்க. உங்க போர்டுல கசிவு வந்தா தானே அணையற பிரேக்கர் இல்லையா?"

"பழைய கட்டடம். வீட்டுக்காரர் மாத்தித் தரலை" என்றார் வேன்காரர். "ஆனா நான் கடையில ரெண்டு தடவை கேட்டேங்க. மழைக்குத் தாங்குமா, தாங்குமான்னு. உங்க தம்பி ஸ்டிக்கரைக் காட்டினாரு. படிச்சுப் பாருங்கன்னாரு."

பெரியக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏமாந்தவள் வீட்டில் உட்கார்ந்து தன் கையையே திட்டிக்கொண்டிருக்கிறாள். ஏமாற்றியவன் கடையில் நின்று பாடம் நடத்துகிறான். தான் வளர்த்த பிள்ளை! தெரியாமல் செய்திருந்தால் ஆறியிருக்கும். தெரிந்து, அவள் உரித்துக் காட்டி, ‘சரிக்கா’ என்று சொன்ன பிறகு செய்தான். அவள் ஊருக்குப் போகக் காத்திருந்து செய்தான்.

மறுநாள் மதியம் மழை விட்டிருந்தது. கடையின் பின்முற்றத்தில், தரையில் ஊன்றிய இரும்புக் கம்பத்தில் மூன்று சரங்களைக் கட்டினாள். ஒன்று ஸ்டிக்கர் ஒட்டிய சரக்கு. யாரோ பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தது. இன்னொன்று உண்மையான வெளிச் சரம், தடித்த ரப்பர் ஒயர், அடாப்டர் வைத்தது. மூன்றாவது, அவள் கிண்டல் செய்கிற சோலார். பின்கதவைத் திறந்து வைத்து, கடைக்குள் இருந்தவர்களைக் கூப்பிட்டாள். தையலம்மாவும் கணவரோடு வந்திருந்தாள்.

"அக்கா, என்ன பண்றே?" என்று தம்பி ஓடி வந்தான்.

"வாங்கறவங்க கேக்கறாங்கல்ல, மழைக்குத் தாங்குமான்னு? பதில் சொல்றேன்."

எந்தச் சரத்துக்கும் கரன்ட் கொடுக்கவில்லை. வாளியில் தண்ணீர் எடுத்துப் பூவாளியால் மூன்றின் மேலும் ஊற்றினாள். பிறகு எல்லோரையும் வாசற்படிக்கு உள்ளே நிற்க வைத்தாள். பிளக்குகள் கடைக்குள் காய்ந்த இடத்தில் இருந்தன. ஸ்விட்சுக்குப் பக்கத்தில் தம்பி மனைவி நின்றாள். கணக்கும் பில்லும் பார்க்கிறவள், அதிர்ந்து பேசத் தெரியாதவள்.

"நீ போடும்மா. முதல்ல அடாப்டர் வச்சது."

"போட வேண்டாம், சொல்றேன்ல?" என்றான் தம்பி.

தம்பி மனைவி கணவனைப் பார்த்தாள். பிறகு தையலம்மாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். ஸ்விட்சைப் போட்டாள்.

வெளிச் சரம் தண்ணீர் சொட்டச் சொட்ட எரிந்தது.

"இப்ப ஸ்டிக்கர் ஒட்டினது."

ஸ்விட்ச் விழுந்தது. ‘டப்’ என்று ஒரு சத்தம். கடை முழுக்க இருட்டிப்போயிற்று; தலைக்கு மேலே தொங்கிய அத்தனை விளக்கும் அணைந்தன. கசிவு பிரேக்கர் வேலையைக் காட்டிவிட்டது.

முற்றத்தில் சோலார் சரம் மட்டும், கடை இருட்டுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாததுபோல, மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. அதன் தகட்டை அவள் முன்பே ஒரு துணியால் மூடியிருந்தாள். வெளிச்சம் மறைந்தால்தான் அது எரியும்.

"இங்க பிரேக்கர் இருந்தது, அது விழுந்துச்சு" என்றாள் பெரியக்கா. "அவங்க வீட்டுல இல்லை. அங்க விழுந்தது அவங்க."

தம்பியின் முகம் சிவந்து கறுத்தது. "சொந்தக் கடையில வச்சு என்னை அவமானப்படுத்திட்டே, இல்ல? வெளியாளா இருந்தா இப்படிப் பண்ணுவாளா?"

"வெளியாளா இருந்திருந்தா போலீஸுக்குப் போயிருப்பா. நேத்து அவங்களை இதே இடத்துல முட்டாள்னியே, அப்ப அவமானம் உனக்குத் தெரியலையா? அவங்களுக்கு மட்டும்தான் தெரியணுமா?"

பெரியக்கா மேசையிலிருந்த தன் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். "வித்த சரக்கைத் திருப்பி வாங்கற வரைக்கும் நான் வர மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாட்களில் பெரியக்கா தையலம்மாவின் வீட்டில்தான் இருந்தாள். பித்தான் தைப்பது, ஓரம் மடிப்பது என்று தன்னால் முடிந்ததைச் செய்தாள். தையல் அவளுக்குச் சுமாராகத்தான் வரும். "இந்தச் சட்டையைப் போடறவன் ஒரு தோளைத் தூக்கிட்டேதான் நடக்கணும்" என்று தையலம்மா சிரித்தாள். விழுந்ததற்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பால்கனிக்கு மறுபடியும் விளக்குப் போடப் பெரியக்கா பேச்செடுத்தாள். தையலம்மா முகம் மாறியது.

"வேணாங்க. அந்தக் கம்பியைப் பாத்தாலே கை இழுக்குது."

"கம்பியிலயே கட்ட வேணாம். நான் சொல்றதைக் கேளுங்க."

சுவருக்குச் சுவர் நைலான் கயிறு இழுத்து, ரெயிலிங்கைத் தொடாமல் அதில் வெளிச் சரத்தைக் கட்டினாள். அடாப்டர் அறைக்குள்ளே இருந்தது. வெளியே போவது குறைந்த வோல்ட் மட்டும்தான். ஜன்னல் வழியாக ஒயர் உள்ளே நுழைகிற இடத்தில், அதைத் தளரவிட்டுக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டாள். "ஒயரைப் பிடிச்சிட்டு வர்ற தண்ணி இந்த வளைவுல சொட்டிடும், ஏறி உள்ள வராது" என்றாள். இரண்டு சரங்கள் சேர்கிற இணைப்பைக் கூரைக்கு அடியில், வாய் கீழ்ப்பக்கம் பார்க்க வைத்தாள். பாலிதீன் எங்கும் சுற்றவில்லை.

வேன்காரர் அப்போது கேட்டார்: "கீழ பொதுத் தோட்டத்துல இருக்கே, அந்தப் பெரிய மரம்? பிள்ளைங்க அதுக்கும் போடணும்ங்கறாங்க. அங்க பிளக்கே இல்லை."

பெரியக்கா யோசித்தாள். அவ்வளவு தூரம் ஈரப் புல்லில் ஒயர் இழுப்பதா? பிள்ளைகள் ஓடுகிற இடம். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "சோலார் போடலாம்" என்றாள்.

தகட்டை மர நிழல் விழாத இடத்தில், வானத்தைப் பார்க்கச் சாய்த்து ஊன்றினார்கள். அடியிலிருக்கிற பட்டனை மூடும் ரப்பர் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்தாள். மேகமூட்டமாக இருந்ததால் முதல் நாள் ஸ்விட்சை அணைத்து வைத்துப் பகலெல்லாம் சார்ஜ் ஏற விட்டாள். இருந்தும் விழா நாள் மாலையில் பால்கனிகள் ஜொலிக்க, மரம் சோர்ந்த கண்ணோடு எரிந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே அணைந்தும் போயிற்று.

"பாத்தீங்களா? நான் சொல்லல, மின்மினின்னு?" என்றாள் பெரியக்கா.

தையலம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அணைந்த பிறகும் பிள்ளைகள் ஈர மரத்தைச் சுற்றி, சரத்தைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"அணைஞ்சா அணையட்டும்க்கா. அடிக்காதில்ல?"



விழா முடிந்த பிறகு தம்பி வந்தான். தனியாக வரவில்லை; மனைவிதான் முன்னால் வந்தாள், அவன் படியில் இரண்டடி பின்னால். தையலம்மா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"திரும்பி வந்த சரக்கை ஹோல்சேல்காரருக்கே அனுப்பிட்டேன். வித்ததுல மிச்சத்தையும் கேட்டுக் கேட்டு வாங்கிட்டிருக்கேன்" என்றான் அக்காவிடம். தையலம்மாவைப் பார்த்து, "மன்னிச்சிடுங்க. தப்பு நடந்துபோச்சு" என்றான்.

"நடந்துபோச்சா? அதுவா நடந்து வந்துச்சா?" என்றாள் பெரியக்கா.

தையலம்மா கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

"நான் பேசறேங்க. தம்பி, கை ஆறிடும். டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க அத்தனை பேர் முன்னால என்னை முட்டாள்னீங்களே, அதுக்கு எந்த டாக்டர் கட்டுப் போடுவாரு? தெருவுல போறப்ப, ‘பை கட்டினவங்க இவங்கதான்’னு சொல்றாங்க. அங்க சொன்னதுக்கு இங்க வந்து மாடிப்படியில மன்னிப்புக் கேட்டா எப்படிச் சரியாகும்? கடையில சொன்னீங்க. கடையில வச்சே திருப்பிச் சொல்லுங்க."

தம்பி அக்காவைப் பார்த்தான். சின்ன வயதில் மாட்டிக்கொண்டால் பார்க்கிற அதே பார்வை. பெரியக்கா ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

சனிக்கிழமை மாலையில் கடைக்குக் கூட்டம் வரும். தையலம்மா வந்து நடுவில் நின்றாள், பக்கத்தில் பெரியக்கா. தம்பி பில் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தான்.

"இவங்க வாங்கின லைட்டு... வீட்டுக்குள்ள போடறது. மழைக்குத் தாங்கும்னு சொல்லி நான்தான் வித்தேன். தாங்காதுன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு இவங்களைச் சொன்னது தப்பு" என்றான், தரையைப் பார்த்து.

"பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கலை" என்றாள் தையலம்மா.

அவன் மறுபடியும் சொன்னான். இந்த முறை சத்தமாக. மருந்துக்கடை வாசலில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தில் ஒருவர், "அப்ப நான் வாங்கினது?" என்று கேட்டார். "கொண்டு வாங்க, மாத்தித் தரேன்" என்றான் தம்பி.

தையலம்மா தலையை மட்டும் அசைத்துவிட்டு வெளியே போனாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு இருப்பதாகப் பெரியக்காவும் நினைக்கவில்லை.

பெரியக்கா பின்னறைக்குப் போனாள். மேசை மேல் திரும்பி வந்த சரங்கள் குவிந்து கிடந்தன. உட்காரவில்லை. கடைத் தொலைபேசியை எடுத்து மொத்த வியாபாரியைக் கூப்பிட்டாள்.

"ஸ்டிக்கர் ஒட்டினது யாருங்க, நீங்களா?"

"அதான் சரக்கைத் திருப்பி எடுத்துக்கிட்டோமேம்மா. அப்புறம் என்ன?"

"திருப்பி எடுத்ததை எந்தக் கடைக்கு அனுப்பினீங்க?"

வியாபாரி இணைப்பைத் துண்டித்தார். பெரியக்கா செருப்பை மாட்டினாள்.

"எங்கக்கா கிளம்பிட்டே?" என்றான் தம்பி, பயத்தோடு.

"ஊர்ல இன்னும் எத்தனை லைட்டுக் கடை இருக்கு?" என்றாள். "குடையை எடு. நீயும் வர்றே."